எழுபத்தைந்து சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு,

புகையிலை மெல்லுதலும் வாய்ப்புற்றுநோயும் பற்றிய தங்கள் செய்தி, நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிடும் ஆய்வின் ஆட்ஸ் விகிதத்தை அப்படியே ஆபத்தாக எழுதியிருந்தது. இது பெரும் பிழை. நோயாளிகள் 100 பேரில் 60 பேரும், நோயற்ற 100 பேரில் 20 பேரும் மெல்பவர்கள் என்று கொள்வோம். மெல்பவர்களை மெல்லாதவர்களால் வகுத்தால் நோயாளிகளில் 60/40, நோயற்றவர்களில் 20/80; முதலதை இரண்டாவதால் வகுத்துக் கிடைக்கும் ஆட்ஸ் விகிதம் 6. மெல்பவர்கள் 80 பேரில் 60 பேர் நோயாளிகள் என்பதால் ஆபத்து 75 சதவீதம் ஆகிவிடாது. மெல்பவர்களின் பங்கு மாறாமல் நோயற்றவர்களை 400 ஆக்கினால் அதுவே 43 சதவீதமாகிவிடும். விகிதமோ 6 ஆகவே நிற்கும். எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது ஆய்வாளர் முடிவல்லவா? சேலத்தில் நான் புள்ளியியல் கற்பிக்கும் மருத்துவ மாணவர்களிலேயே பலர் முதலில் 75 என்றுதான் எழுதுகிறார்கள்.

நோய் அரிதாக இருந்தால் மட்டுமே 6 என்பதை ஏறத்தாழ ஆறு மடங்கு ஆபத்து எனக் கொள்ளலாம். பரவலான நோயில் அது ஆபத்தை மிகைப்படுத்தும். மெல்லாதவர்களில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு நோய் வருமானால், ஆறு மடங்கு என்பது பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஆறு பேர். புகையிலை தீங்கானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தகைய செய்திகளில், புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து அடிப்படை எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்