ஐந்தாவது இடத்தில் எந்தப் பாடம்? சிங்கப்பூரில் உள்ள சிபிஎஸ்இ பள்ளி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் பத்தாம் வகுப்புப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

செங்காங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்கு டியூஷன் எடுத்து வருகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் உங்கள் பள்ளிகளில் ஒன்பதாவது, பத்தாவது படிப்பவர்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும், தேர்வு முடிந்த கையோடு, ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டுவார்கள். பதினோராம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம். சயின்ஸா, காமர்ஸா, ஆர்ட்ஸா என்று மூன்று பெட்டிகள் இருக்கும். பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு. மூன்று நாளில் திருப்பித் தரவேண்டும். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அக்கா மகளின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அவள் அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாவதில் அவளுக்குக் கணக்கு சுமார். பத்தாவது கணக்கில் ஸ்டாண்டர்டு என்று கடினமான தாள் ஒன்று, பேசிக் என்று எளிய தாள் ஒன்று உண்டு. பத்தாவது பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது, "பேசிக் எடுத்துக்கோம்மா, மார்க் நல்லா வரும்" என்று பள்ளியில் சொன்னார்கள். எடுத்தாள். மார்க்கும் நன்றாகவே வந்தது. அப்புறம் காமர்ஸ் சேர்ந்தாள். ஆங்கிலம், கணக்குப் பதிவியல், வணிகவியல், பொருளியல் ஆகிய நான்கு போக ஐந்தாவது பாடமாக உடற்கல்வி. பன்னிரண்டாவதில் பொருளியல் அவளைப் பிடித்துக்கொண்டது. விலைவாசி ஏன் ஏறுகிறது என்று ஹாக்கர் சென்டரில் சாப்பிட்டுக்கொண்டே அவள் அப்பாவுக்குப் பாடம் எடுப்பாள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் படிக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு தகுதி விதிகளைத் தேடிப் படித்துவிட்டு எனக்கு போன் செய்தாள். "சித்தி, பன்னிரண்டாவதுல கணக்கு இருந்தாத்தான் எழுதவே முடியுமாம்."

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் சேர, க்யூட் நுழைவுத் தேர்வில் கணிதத் தாளும் எழுதவேண்டும். அந்தத் தேர்வில் எழுதும் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவையாக இருக்கவேண்டும் என்பதும் அவர்கள் விதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவளுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பொருளியலில் வகுப்பில் முதல் மார்க் வாங்கியும் பயனில்லை. பி.காம் ஹானர்ஸுக்கு மட்டும், கணிதம் இல்லாவிட்டாலும் கணக்குப் பதிவியல் வழியாக வரலாம் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதுவும் வேண்டாமென்று இப்போது சென்னையில் பி.காம் படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் அவள் விரும்பியது அது இல்லை.

இதில் யார் தவறு என்று தேட வரவில்லை. எந்த இடத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். காமர்ஸ் எடுத்ததால் சாத்தப்படவில்லை. அந்த ஐந்தாவது இடத்தில் என்ன உட்கார்ந்தது என்பதால் சாத்தப்பட்டது. அதற்கும் முன்னால், பத்தாவதில் பேசிக் என்று குறித்த அன்றே பாதி சாத்தப்பட்டுவிட்டது.

நம் பெற்றோரில் பலர் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்கள். அங்கே ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப் என்று பாடங்களைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். குரூப்பைச் சொன்னால் பாடங்கள் தானாக வரும். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் படிவத்தையும் பார்க்கிறார்கள். சிபிஎஸ்இ வாரியமோ அப்படி எந்தப் பிரிவையும் விதிப்பதில்லை. ஒரு மொழி, அதோடு நான்கு பாடங்கள், விரும்பினால் ஆறாவதாக ஒன்று. அவ்வளவுதான் வாரியம் கேட்பது. சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் என்பவை கால அட்டவணைக்காகப் பள்ளிகள் கட்டிய கட்டுகள். உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெற்றோருக்குத் தெரியாது.

ஐந்து நாற்காலிகள் என்று வைத்துக்கொள்வோம். காமர்ஸில் ஆங்கிலத்துக்கு ஒன்று, முக்கியப் பாடங்களுக்கு மூன்று. மிச்சம் ஒன்றே ஒன்று. அதில் கணிதம் உட்கார்ந்தால் பொருளியல் ஹானர்ஸ் திறந்திருக்கும், புள்ளியியல் பக்கமும் போகலாம். உடற்கல்வி உட்கார்ந்தால் அவை போய்விடும், ஆனால் சிஏ போகாது. சிஏ ஃபவுண்டேஷன் எழுதப் பன்னிரண்டாவதில் எந்தப் பிரிவு என்று கேட்பதில்லை, கணக்கு படித்தாயா என்றும் கேட்பதில்லை. அந்தத் தேர்வில் கணக்குச் சார்ந்த தாள் ஒன்று உண்டு, அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். ஆக, சிஏ ஒன்றே இலக்கு என்று உறுதியாக இருக்கும் பிள்ளை கணக்கை விடுவதில் பெரிய நஷ்டமில்லை. அப்படி உறுதியாக இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆர்ட்ஸுக்கும் இதே கணக்குதான். சட்டம் படிக்க கிளாட் தேர்வு எந்தப் பிரிவு மாணவருக்கும் திறந்திருக்கிறது, ஐஏஎஸ் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வரலாறு, அரசியல், உளவியல் எடுக்கும் பிள்ளை ஐந்தாவதாகக் கணிதத்தையும் எடுத்துக்கொண்டால் பொருளியலும் கைக்கு எட்டும். ஆனால் உங்கள் பள்ளிகள் சிலவற்றில் உளவியலும் கணிதமும் அட்டவணையில் ஒரே நேரத்தில் வருகின்றன. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். வாரியம் போடாத தடையை அட்டவணை போட்டுவிடுகிறது.

சயின்ஸில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல் போக இரண்டு நாற்காலிகள். கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் போச்சு. உயிரியல் இல்லாவிட்டால் இந்தியாவில் மருத்துவம் கஷ்டம். இரண்டையும் எடுத்தால் எல்லாம் திறந்திருக்கும், ஆனால் அந்தச் சுமையைத் தாங்காமல் எல்லாப் பாடத்திலும் மார்க் சரிந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கதவு திறந்திருந்தும் உள்ளே போக மார்க் இல்லை என்றால் என்ன செய்வது?

மருத்துவத்தில் ஒரு விஷயம் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கென்றே சொல்லவேண்டியது. இந்தியாவில் நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி வேதியியலைக் கட்டாயமாகக் கேட்கிறது. அதோடு உயிரியல், இயற்பியல் இரண்டில் ஒன்று போதும். ஒரே பிள்ளை, ஒரே ஐந்து பாடம், ஆனால் இங்கே திறக்கும் கதவு அங்கே திறக்காது. உயிரியலை விட்டவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அதை நம்பி இப்போதே உயிரியலை விடலாமா என்று ஓர் அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். கூடுதல் பாடத்தை யார், எப்போது எழுதலாம் என்ற விதி வாரியத்தின் கையில் இருக்கிறது. அது மாறக்கூடியது. மாறாவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு வருடம் போகும்.

இப்போது பேசிக் விஷயத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான்.

பத்தாவது கணக்கில் ஸ்டாண்டர்டுக்கும் பேசிக்குக்கும் பாடத்திட்டம் ஒன்றே, புத்தகம் ஒன்றே, வகுப்பும் ஒன்றே. கேள்வித்தாளின் கடினம் மட்டும்தான் வேறு. எடுத்துக்காட்டாக, இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்து அதன் தீர்வைக் கண்டுபிடி என்றால் அது பேசிக் தாளின் தரம். ஒரு படகு ஆற்றை எதிர்த்துப் போய்த் திரும்பி வந்த நேரத்தைச் சொல்லி, சமன்பாட்டை நீயே அமைத்துத் தீர் என்றால் அது ஸ்டாண்டர்டின் தரம். பதினோராவது கணிதத்துக்கு வேண்டியது இரண்டாவது திறமை.

பேசிக் எழுதியவர்கள் பதினோராவதில் பயன்பாட்டுக் கணிதம் எடுக்கலாம், வழக்கமான கணிதம் எடுக்க முடியாது என்பதுதான் முதலில் வந்த விதி. அப்புறம் வாரியம் தளர்த்தி, அந்த மாணவருக்குத் திறமை இருக்கிறது என்று முதல்வர் கருதினால் சேர்க்கலாம் என்று இடம் கொடுத்தது. அதாவது அந்த முடிவு உங்கள் கையில். என் அக்கா மகளிடம் பதினோராவதில் யாரும் இதைச் சொல்லவில்லை. "பேசிக் எழுதினதால கணக்கு கிடையாது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிட்டது. பயன்பாட்டுக் கணிதம் என்று ஒன்று இருப்பதும் அவளுக்குத் தெரியாது. அதில் வட்டி, தவணை, நிகழ்தகவு என்று காமர்ஸ் பிள்ளைக்கு ஒட்டிவரும் பகுதிகள் உண்டு. டெல்லியின் பொருளியல் ஹானர்ஸ் அதையும் ஏற்றுக்கொள்கிறது. பொறியியலுக்கு அதை நம்ப முடியாது, அது சரி. அவளுக்குப் பொறியியல் வேண்டாமே!

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பேசிக் மார்க்கை உயர்த்தும் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், அது பதினோராவதில் எதை மூடும் என்பதையும் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் வாரியத்துக்குப் போவதற்கு முன்னால் சொல்லவேண்டும். மார்ச்சில் சொன்னால் பிந்திவிடும். படிவத்தில் மூன்று பெட்டிகளுக்குப் பதிலாக ஐந்து கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே அந்தப் பாடம் இல்லாவிட்டால் எது கிடைக்காது என்று ஒரு வரி அச்சடியுங்கள். இந்தியா தனியாக, சிங்கப்பூர் தனியாக. கணிதத்தை உளவியலோடும் உடற்கல்வியோடும் மோதவிடாமல் அட்டவணை போட முடியுமா என்று பாருங்கள். ஆசிரியர் எண்ணிக்கை காரணமாக முடியாமல் போகலாம், அது எனக்குப் புரிகிறது. அப்படியானால் அதையாவது படிவத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பெற்றோர் வேறு பள்ளி பார்க்கவாவது நேரம் இருக்கும்.

பதினோராவதின் முதல் அலகுத் தேர்வு முடிந்ததும் பாடம் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் கொடுங்கள். அந்த ஆண்டுக்கான பதிவில் பாடங்கள் வாரியத்துக்குப் போய்விட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. அதற்கு முன்னால், முதல் தேர்வின் விடைத்தாள் கையில் இருக்கும்போதுதான் பிள்ளைக்கு உண்மை தெரியும்.

நான் கையால் எழுதி வைத்திருக்கும் அட்டவணை ஒன்றை இந்த வாரம் உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். ஜூலையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் வைத்தால், நானும் வந்து அவர்களோடு உட்கார்ந்து தமிழில் விளக்கத் தயார். சனிக்கிழமை மாலைகளில் எனக்கு வகுப்பு இல்லை.

இப்படிக்கு,
செங்காங்கிலிருந்து ஒரு கணக்கு டியூஷன் ஆசிரியை