ஏழுமலையின் ஆங்கிலம்

அன்புள்ள செல்விக்கு,

உன் ஆங்கில வகுப்புக்கென்று, பெங்களூரு பஸ்ஸில் ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் கண்டக்டரைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கதையை நேற்று படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கண்டக்டர் ஏழுமலையை அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது, முதல் பக்கம் வரைக்கும். இரண்டாவது பக்கத்தில் அவன் சட்டைப் பையிலிருந்து குட்டி அகராதியை எடுத்து வார்த்தை பார்க்கிறான். எந்தக் கையால் பார்க்கிறான் என்று சொல்லு. ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கை மேல்கம்பியில், தோளில் பை, விரலிடுக்கில் மடித்த நோட்டு. பீக் அவரில் டொம்லூர் தாண்டும்போது முகத்தில் வழியும் வியர்வையைத் துடைக்கக்கூடக் கை கிடையாது. அகராதியை முதலில் எடுத்துவிடு.

நான் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தபோது பெங்களூரு நகரப் பஸ் நிறுவனத்துக்கு பி.டி.எஸ். என்று பெயர். 1997ல் தனியாகப் பிரிந்து பி.எம்.டி.சி. ஆனது. காகித டிக்கெட் போய் மெஷின் வந்ததையும் பார்த்தேன். (பெங்களூரு கண்டக்டர் என்று சொன்னதும் உன் சிங்கப்பூர் மாணவர்கள் ரஜினியைக் கேட்பார்கள். ஆமாம், அவரும் பி.டி.எஸ். கண்டக்டராக இருந்தவர்தான் என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போ.) அதனால் ஏழுமலைக்கு எந்த வார்த்தை எப்போது வந்திருக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீ மாற்றிக்கொள்.

முதலில் ஒன்று. "ஏழுமலைக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது" என்று ஆரம்பித்திருக்கிறாய். அப்படி ஒரு கண்டக்டர் கிடையாது. டிக்கெட், பாஸ், சேஞ்ச், ஸ்டேஜ், ரைட், ஹோல்டான், இதெல்லாம் முதல் நாளே வாயில் இருக்கும். இல்லாதது வாக்கியம். அல்சூரில் வளர்ந்தவனுக்கு வீட்டில் தமிழ், வண்டியில் கன்னடம், பழகப் பழகக் கொஞ்சம் இந்தி. மலையாளிக்குத் தமிழே போதும். இந்த மூன்றும் உதவாத ஆள் ஏறும்போதுதான் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு அந்த ரூட்டில் அப்படிப்பட்டவர்கள் நிறைய ஏறினார்கள். அதனால் உன் கதையை 335இ வண்டியில் வை. மெஜஸ்டிக்கில் கிளம்பி, கார்ப்பரேஷன், டொம்லூர், மாரத்தஹள்ளி, குந்தலஹள்ளி, ஐ.டி.பி.எல். வழியாகக் காடுகோடி போகும் வண்டி.

ஆங்கிலத்தில் கேட்கிற பயணி புதிது புதிதாக எதையும் கேட்கமாட்டார். இந்த வண்டி இங்கே போகுமா, எவ்வளவு, என் ஸ்டாப் வந்தால் சொல்வீர்களா, பாக்கி எங்கே. திரும்பத் திரும்ப இதுதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். "கேன் யூ டெல் மீ வென் டொம்லூர் கம்ஸ்?" காலையில் ஒருவர். "கேன் யூ டெல் மீ வென் குந்தலஹள்ளி கம்ஸ்?" மாலையில் இன்னொருவர். முதலில் ஏழுமலையின் காதில் டொம்லூர் மட்டும் விழும், முன்னும் பின்னும் வெறும் சத்தம். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் அப்படியே ஒரு கட்டாக மனதில் நின்றுவிடும். அதில் எது வினை, எது பெயர் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் வந்தால் ஸ்டாப் வரும்போது இந்த ஆளைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று தெரியும். கூட்டத்தில் இறங்குகிறவர்கள் சொல்லும் "எக்ஸ்க்யூஸ் மீ"யும் அப்படித்தான் வந்தது. அது இரண்டு வார்த்தை என்றே எங்களில் பலருக்குத் தெரியாது. சொன்னால் ஆள் நகர்கிறார், அது போதும்.

நூறு வார்த்தையில் இரண்டுக்கு மேல் தெரியாத வார்த்தை வந்தால் படிக்கிறவர்கள் கதையை விட்டுவிட்டு அர்த்தம் தேடப் போய்விடுகிறார்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா? அதற்கு இந்த வண்டி நல்ல இடம். ஒரே வாக்கியத்தை அஞ்சு இடத்தில் போடலாம். ஆள் மாறுகிறார், ஸ்டாப் மாறுகிறது, வாக்கியம் மாறவில்லை. படிக்கிறவனுக்குப் பயிற்சி மாதிரித் தெரியாது, ஏனென்றால் வண்டியில் நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது.

ஏழுமலை வாய் திறக்கிற முதல் வாக்கியம் பணத்தைப் பற்றியதாக இருக்கட்டும். நீ வைத்திருக்கும் "குட் மார்னிங், சார்" வேண்டாம், நெரிசலில் யார் யாருக்கு குட் மார்னிங் சொல்கிறார்கள்? பயணி நூறு ரூபாய் நீட்டுகிறார். சில்லறை இல்லை. ஏழுமலை டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் 80 என்று எழுதி, ஒரு வட்டம் போட்டுக் கொடுக்கிறான். ஊருக்குப் புதியவர், அது என்ன என்று புரியாமல் முழிக்கிறார். "வேர் இஸ் மை பேலன்ஸ்?" என்கிறார். ஏழுமலை எழுதின எண்ணைத் தொட்டுக் காட்டி, "பேலன்ஸ். லேட்டர்" என்கிறான். பக்கத்து சீட்டு அம்மா உதவிக்கு வருகிறார்: "ஹி வில் கிவ் இட் லேட்டர்." அந்த "ஹி வில் கிவ்" காதில் விழுகிறது. அடுத்த வாரம் இன்னொருவரிடம் ஏழுமலை தன்னைப் பற்றியே "ஹி வில் கிவ் லேட்டர்" என்கிறான். இது தப்புதான், ஆனால் இப்படித்தான் வரும். கட்டாக எடுத்ததைக் கட்டாகவே போடுகிறான். "ஐ வில் கிவ்" என்று அவன் வாயில் மாறுவதற்கு அதை வேறு யாராவது தங்களைப் பற்றிச் சொல்லிக் கேட்க வேண்டும். "ஐ வில் கிவ் யூ சேஞ்ச்" என்று ஒரு பயணி பையைத் துழாவும் இடத்தை அதற்கு வைத்துக்கொள்.

இப்போது முக்கியமான சீன். உன் கதையில் சிக்கலே இல்லை, எல்லாரும் அவனைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதைச் சேர்த்துக்கொள். டொம்லூரில் ஓர் இளைஞன் ஏறுகிறான். கையில் டெய்லி பாஸ் இருப்பதால் எந்த ஊருக்கு டிக்கெட் என்ற பேச்சு வரவில்லை. பாஸைக் காட்டிவிட்டுச் சந்தேகத்தோடு கேட்கிறான்: "திஸ் பஸ் டஸன்ட் கோ டு ஹெப்பால், டஸ் இட்?"

ஏழுமலைக்கு இப்போது ஓரளவு புரிகிறது. ஹெப்பாலுக்குப் போகாதுதானே என்று இளைஞன் கேட்கிறான். போகாது. நாம் என்ன சொல்வோம்? ஆமா. அதனால் ஏழுமலையும் "யெஸ்" என்கிறான், தலையையும் ஆட்டுகிறான். இளைஞனுக்கு யெஸ் என்றால் போகும். நிம்மதியாக உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொள்கிறான். மாரத்தஹள்ளி வருகிறது, போகிறது. அங்கே இறங்கி ரிங் ரோட்டில் 500டி பஸ் பிடித்திருந்தால் நேராக ஹெப்பால். வண்டி குந்தலஹள்ளி கேட் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும்போது போனில் மேப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறான், முகம் சிவந்திருக்கிறது.

"யூ செட் யெஸ்!"

"யெஸ். ஹெப்பால் நோ," என்கிறான் ஏழுமலை. அவனுக்கு இது முரணாகவே தெரியவில்லை. அதே பதிலைத்தான் மறுபடியும் சொல்கிறான்.

"யூ மீன் இட் டஸன்ட் கோ?"

"டஸன்ட் கோ," என்கிறான் ஏழுமலை. அந்தக் கட்டு அவனுக்கு அங்கேதான் கிடைக்கிறது. யாரும் பாடம் எடுக்கவில்லை. கோபப்பட்ட பயணி அவன் சொல்ல நினைத்ததையே சரியான வார்த்தையில் திருப்பிக் கேட்டான், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு ஏழுமலை யெஸ், நோ இரண்டையும் தனியாகச் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். அனுபவமுள்ள கண்டக்டர்களைக் கவனித்தால் தெரியும், கேள்வி எப்படி வந்தாலும் விஷயத்தைத்தான் சொல்வார்கள். ஒரு பெண் கேட்கிறாள்: "டஸன்ட் திஸ் கோ டு சில்க் போர்டு?" ஏழுமலை: "சில்க் போர்டு டஸன்ட் கோ. மாரத்தஹள்ளி கெட் டவுன். ஃபைவ் ஹண்ட்ரட் டி."

இலக்கணம் கோணல், தகவல் பிசகில்லை. உன் கவலை புரிகிறது, தப்பான ஆங்கிலத்தை அச்சடித்து மாணவர் கையில் கொடுக்கலாமா என்று. அவன் வாயைத் திருத்தாதே, பயணியின் வாயைப் பயன்படுத்து. அந்தப் பெண் உறுதி செய்துகொள்கிறாள்: "சோ ஐ கெட் ஆஃப் அட் மாரத்தஹள்ளி அண்ட் டேக் த ஃபைவ் ஹண்ட்ரட் டி?" அவசரத்தில் இருக்கும் எந்தப் பயணியும் அப்படித் திருப்பிக் கேட்பார். படிக்கிறவனுக்கு முழு வாக்கியம் கிடைத்துவிடும், கண்டக்டரும் கண்டக்டராகவே இருப்பான்.

கடைசிப் பக்கத்தில் அவன் டிப்போ விழாவில் ஆங்கிலத்தில் பேசுகிறான். செல்வி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியில் கற்கும் ஆங்கிலம் வண்டிக்குள்தான் ஓடும். பயணி கேட்பதில் முக்கால்வாசி புரியும், பேச வருவது அதில் கால்வாசி. "கெட் டவுன்" என்று சொன்னால் ஆள் இறங்கிவிடுகிறார், அப்புறம் அதைத் திருத்திக்கொள்ள அவனுக்கு என்ன அவசரம்? அதனால்தான் பத்து வருஷம் ஆனாலும் சில வாக்கியங்கள் முதல் நாள் வந்த மாதிரியே நிற்கின்றன. வேலை புதிதாக ஒன்றைக் கேட்டால்தான் புது வாக்கியம் வரும். 2023 ஜூன் 11ல் கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியபோது எங்கள் பழைய ஆட்கள் எத்தனை பேர் புது ஆங்கிலம் பேசினார்கள் தெரியுமா? வெளிமாநில அடையாள அட்டையைக் காட்டும் பெண்ணிடம், இது கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும், ஏ.சி. வண்டியில் கிடையாது என்று விளக்க வேண்டும். "கர்நாடகா அட்ரஸ் ஒன்லி, மேடம். ஏ.சி. பஸ் நாட் ஃப்ரீ." இதற்கு முன்னால் அவர்கள் வாயில் "ஒன்லி" வந்து நான் கேட்டதில்லை.

விழாவுக்குப் பதில் இப்படி வை. காலியான வண்டி, காடுகோடி நெருங்குகிறது. பாக்கி வாங்கிக்கொண்ட அந்தப் பழைய பயணி சிநேகமாகக் கேட்கிறார்: "ஹவ் மெனி சில்ட்ரன் டு யூ ஹாவ்?" ஏழுமலைக்குச் "சில்ட்ரன்" தெரியும், "ஹவ் மெனி" டிக்கெட் கேட்கும்போது தினமும் வருவது. "டூ," என்கிறான். "வாட் டு தே டு?" அதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. சிரிக்கிறான். பிறகு "ஸ்கூல்" என்கிறான். அடுத்த ஸ்டாப்பில் அவர் இறங்கிவிடுகிறார். கதை அங்கே முடியட்டும். "அவன் என்ன சொல்லியிருக்கலாம்?" என்று வகுப்பில் கேள், உன் ஆட்களே எழுதுவார்கள்.

இன்னொன்று, ஏழுமலைக்கு நீலச் சட்டை போட்டிருக்கிறாய். காக்கி என்று மாற்றிவிடு. மாற்றியதை அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் போன் பண்ணு, ஆனால் மதியம் வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா