பிராங்காகவே அனுப்பு, ராசா

கொக்குவில்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராசாவுக்கு,

நீ அனுப்பிய காசு செவ்வாய்க்கிழமை வந்தது. வங்கிக்குப் போய்த் துண்டை வாங்கி வந்து, முன் விறாந்தையில் இருந்து கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தேன். இதுவும் டொலராகத்தான் வந்திருக்கிறது. இதோடு மூன்றாவது முறை. முன்பெல்லாம் சுவிஸ் பிராங்காக வரும், பேர்ண் விலாசத்தோடு வரும். இப்போது வங்கியும் வேறு, உன் பெயருக்குக் கீழே உள்ள விலாசமும் வேறு. அதை நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல்லு. காசைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏன் டொலர் என்று போன மாதம் கேட்டபோது, "எல்லாம் டொலர் வழியாத்தானேம்மா வருது, நானே டொலராக்கி அனுப்பினா ஒரு வேலை குறையும்தானே" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். அந்த ஒரு வசனம்தான் அன்று முழுக்கக் கதைத்தது. அதனால் அதையே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நீ சொன்னதில் பாதி சரி, ராசா. மற்றப் பாதியில்தான் காசு போகிறது.

சரியான பாதி என்னவென்றால், கொழும்புச் சந்தையில் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்பது பெரும்பாலும் டொலரையும் ரூபாவையும்தான். பிராங்குக்கு நேராக ரூபா கொடுக்கும் பெரிய சந்தை என்று ஒன்று இல்லை. காலையில் பலகையில் பிராங் வீதம் போடுவதற்கு, டொலருக்கு எத்தனை ரூபா, பிராங்குக்கு எத்தனை டொலர் என்று இரண்டையும் எடுத்துப் பெருக்குவார்கள். அதற்குக் குறுக்கு வீதம் என்று பெயர். இருபத்தேழு வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள் நான், இது எனக்குத் தெரியாததில்லை.

ஆனால் வங்கி அதைச் செய்வது மொத்த விலையில். கோடிக் கணக்கில் வாங்குகிறவனுக்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் மயிரிழை அளவுதான் இடைவெளி. நீயும் நானும் போய் நிற்பது சில்லறைக் கவுண்டரில். அங்கே மாற்றும் ஒவ்வொரு முறையும் வங்கி தன் பங்கை வீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நீ பிராங்கைப் பிராங்காகவே அனுப்பினால், டொலர் நடுவில் வந்து போவது வங்கியின் உள்வீட்டு அலுவல், உன்னிடம் ஒரு தரம்தான் பங்கு எடுப்பார்கள். நீயே டொலராக்கினால் சுவிஸ் வங்கி ஒரு பங்கு, இங்கே யாழ்ப்பாணத்து வங்கி இன்னொரு பங்கு. சந்தையில் மொத்தமாக வாங்கிய மீனைக் கடைக்காரனே கொண்டுவந்து விற்பதும், நீ ஒரு கடையில் சில்லறையாக வாங்கி அடுத்த கடைக்குச் சில்லறையாக விற்பதும் ஒன்றா?

கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொள். எண்கள் முழுசாக இருக்கட்டும் என்று, நடு வீதத்தில் ஒரு பிராங் 1.20 டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு பிராங் 360 ரூபா. நீ எடுத்து வைப்பது எப்போதும் 2,000 பிராங். யாரும் எதுவும் எடுக்காவிட்டால் 720,000 ரூபா வர வேண்டும்.

இப்போது உன் வழி. அங்குள்ள வங்கி நூற்றுக்கு ஒன்றரை எடுக்கிறது என்று வை. 1.20 இல்லை, 1.182 தான் தருவார்கள். கையில் 2,364 டொலர். இங்கே வங்கி டொலரை 304க்கு விற்கும், 296க்கு வாங்கும். எங்களிடம் வாங்குவதால் 296. பெருக்கிப் பார், 699,744 ரூபா.

என் வழி. பிராங்கை அப்படியே அனுப்புகிறாய். இங்கே பிராங் டொலரைப் போல நிறையக் கைமாறுவதில்லை, அதனால் வங்கி அதில் கொஞ்சம் கூடவே எடுக்கும். நடு வீதம் 360 ஆக இருக்கும்போது 352க்குத்தான் வாங்குவார்கள் என்று வைப்போம். அது நூற்றுக்கு இரண்டுக்கும் மேல். பலகையைப் பார்க்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவது. "டொலருக்கு நாலு ரூபாதான் குறைக்கிறார்கள், பிராங்குக்கு எட்டு ரூபா குறைக்கிறார்கள், டொலர்தான் நல்லது" என்பார்கள். அங்கே ஏற்கனவே போன ஒன்றரையை யாழ்ப்பாணத்துப் பலகை காட்டாது. 2,000ஐ 352ஆல் பெருக்கு, 704,000. உன் வழியைவிட 4,256 ரூபா கூட. மாதா மாதம் அனுப்புகிறாய், வருடத்துக்கு 51,000 ரூபாவுக்கு மேல். நீ இரவுக் குளிரில் நின்று உழைக்கிற காசு, ராசா.

இன்னொன்றும் இருக்கிறது. டொலராக வரும் காசு பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஒரு வங்கியின் கணக்கு வழியாகத்தான் வரும். வழியில் அவர்களும் ஒரு கூலி வெட்டலாம். 20 டொலர் வெட்டினால் இங்கே 5,920 ரூபா குறையும். பிராங்கிலும் வழியில் வெட்டுவது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுப்பும் படிவத்தில் கூலி யாருக்கு என்று ஒரு இடம் இருக்கும், OUR, SHA, BEN என்று மூன்று. OUR என்றால் எல்லாக் கூலியும் உன் தலையில், SHA என்றால் பகிர்வது, BEN என்றால் என் காசில் வெட்டுவது. எதைப் போடுகிறாய் என்று பார்த்துப் போடு. போன முறை BEN என்று வந்திருந்தது. நீ அப்படிக் கவனமில்லாமல் போடுகிற பிள்ளை இல்லை. பத்தாம் வகுப்பிலேயே அப்பாவின் கடைக் கணக்கில் பிழை பிடித்தவன். அவசரத்தில் போட்டாயோ, வேறு யோசனையில் போட்டாயோ, தெரியவில்லை.

எப்போதும் நேர் வழிதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. உன் 699,744ஐ 2,000ஆல் பிரித்தால் 349 ரூபா 87 சதம். இங்கே வங்கி பிராங்கை அதற்குக் குறைவாக வாங்கினால் உன் டொலர் வழிதான் இலாபம். சில வங்கிகள் அதிகம் வராத நாணயத்தை அப்படித்தான் அடிமாட்டு விலைக்கு வாங்கும், நானே பார்த்திருக்கிறேன். அதனால் வீதத்தைப் பார்த்து ஏமாறாதே. கட்டணம் இல்லை என்று எழுதியிருப்பதையும் நம்பாதே, அது வீதத்துக்குள் ஒளிந்திருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். என்னிடமிருந்து 2,000 பிராங் போனால், அம்மாவின் கணக்கில் எத்தனை ரூபா விழும்? இதைத்தான் நான் கவுண்டரில் வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுவேன். பிராங்காகவே அனுப்பு, ராசா.

சின்னமாமி வீட்டுக் காணிப் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. வேம்பை வெட்டவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

கூரை போட்ட வருடம் நினைவிருக்கிறதா? நீ போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 5,000 பிராங் ஒன்றாக அனுப்பினாய். பிறகு நான் உனக்குப் போன் எடுத்து, காசு காணாது, ஓட்டுக்கும் மேசனுக்கும் குறைகிறது என்று சத்தம் போட்டேன். கணக்குப் பார்த்து அனுப்பத் தெரியாதா என்றும் கேட்டேன். நீ ஒன்றும் பேசாமல், அடுத்த மாதம் இரவு வேலையும் எடுத்து மிச்சத்தை அனுப்பினாய்.

அந்தக் காசு குறைந்தது உன்னால் இல்லை, ராசா. என்னால்.

அந்த நேரம் எங்கள் கிளையில் வேலை செய்த இரண்டு பேரிடம் டொலர்க் கணக்குப் புத்தகம் இருந்தது. பிள்ளைகள் வெளியில் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு அதை மேசையில் வைப்பார்கள். எனக்கும் ஒன்று வேண்டும்போல் இருந்தது. உன் பிராங்கை டொலர்க் கணக்கில் போடச் சொல்லி நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன். வங்கி என்ன செய்தது? பிராங்கை வாங்கும் வீதத்தில் ரூபாவாக்கி, அந்த ரூபாவுக்கு விற்கும் வீதத்தில் டொலர் தந்தது. இரண்டு மாதம் கழித்து மேசன் காசு கேட்டபோது, டொலரை வாங்கும் வீதத்தில் திரும்ப ரூபாவாக்கினேன். ஒரு தரம் மாற்ற வேண்டியதை மூன்று தரம் மாற்றினேன்.

மேலே போட்ட வீதத்திலேயே சொல்கிறேன். 5,000 பிராங் 352 வீதம் 17 இலட்சத்து 60 ஆயிரம். அதை 304க்கு டொலராக்கி, 296க்குத் திரும்ப ரூபாவாக்கினால் 17 இலட்சத்து 13 ஆயிரத்துச் சொச்சம். 46,000 ரூபாவுக்கு மேல் ஒன்றுக்கும் இல்லாமல் போனது. அந்த இரண்டு மாதத்தில் ரூபா நன்றாக விழுந்திருந்தால் தப்பியிருக்கலாம், விழவில்லை. வங்கியில் பிழை இல்லை. வீதம் எனக்கு மனப்பாடம், படிவமும் என் கையெழுத்து. மற்றவர்களுக்கெல்லாம் சொல்லுகிற கேள்வியை நான் என்னிடம் கேட்கவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை. அவர் போகும்வரைக்கும் நீதான் குறைத்து அனுப்பினாய் என்றே நினைத்திருந்தார்.

அந்தப் போனுக்குப் பிறகுதான் நீ என்னிடம் குறைவாகக் கதைக்கத் தொடங்கினாய் என்று எனக்குப் படுகிறது. வேறு காரணமும் இருக்கலாம். இருந்தால் அதையும் நான் கேட்கிறேன், சத்தம் போடாமல் கேட்கிறேன்.

அடுத்த மாதம் காசு கஷ்டம் என்றால் அனுப்பாதே. என் ஓய்வூதியம் எனக்குக் காணும். அனுப்பினால் படிவத்தில் நாணயம் என்ற இடத்தில் பிராங்குக்குரிய CHF என்று இருக்கிறதா பார்.

மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன், ஒடியல் மாவும் இருக்கிறது. போன முறை போலவே மருமகளுக்கு உறைப்புக் குறைத்துத் தனியாகக் கட்டினேன். திங்கட்கிழமை பார்சல் போட வேண்டும். பேர்ண் விலாசத்துக்கே போடவா, துண்டில் இருக்கிற விலாசத்துக்குப் போடவா? இரண்டு பொதியையும் ஒன்றாகவே போடவா? இதை மட்டும் ஒரு வரியில் சொல்லு.

அன்புடன்
அம்மா