சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். "கீழ்க்காணும் சிக்னல் எனர்ஜி சிக்னலா, பவர் சிக்னலா?" என்ற இரண்டு மார்க் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. ஆனால் இப்படிக் கேட்கும்போதே, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார். பல விடைக்குறிப்புகளும் அதே முடிவில்தான் இருக்கின்றன.

மாணவர்களிடம் புழங்கும் குறுக்குவழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: பீரியாடிக் என்றால் பவர், தேய்ந்து போனால் எனர்ஜி. பாடப்புத்தகத்தின் முதல் நாலு கணக்குக்கு இது போதும். e^(−2t)u(t) தேய்கிறது. அதன் வர்க்கம் e^(−4t); பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் E = 1/4. எனர்ஜி சிக்னல், சரி. (1/2)^n u[n]-க்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1 + 1/4 + 1/16 + … = 4/3. அதுவும் எனர்ஜி சிக்னல்தான். u(t) பீரியாடிக் இல்லை, தேய்வதும் இல்லை. அதன் எனர்ஜி முடிவிலி. −T முதல் T வரையான சராசரியை எடுத்தால் T/(2T), அதாவது P = 1/2, ஆகவே பவர் சிக்னல். குறுக்குவழி இங்கேயே தடுமாறுகிறது, ஆனாலும் இந்த ஒன்றை மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பதால் தப்பித்துவிடுகிறார்கள்.

இப்போது அதே e^(−2t)-ஐ u(t) இல்லாமல் பாருங்கள். அச்சில் விட்டுப்போனதோ, எழுதியவர் மனதிலேயே வைத்துக்கொண்டாரோ, வினாத்தாள்களில் இது அடிக்கடி நடக்கிறது. u(t) போனதும் இடது பக்கம் சிக்னல் விண்ணைத் தொடுகிறது. −T முதல் T வரை வர்க்கத்தின் தொகை (e^(4T) − e^(−4T))/4. அதை 2T-ஆல் வகுத்தால் T = 5-க்கே சராசரி 1.2 கோடியைத் தாண்டுகிறது, அதற்கப்புறமும் நிற்பதில்லை. எனர்ஜியும் முடிவிலி, பவரும் முடிவிலி. சரியான விடை "இரண்டும் இல்லை". விடைக்குறிப்போ "எனர்ஜி சிக்னல், 1/4" என்கிறது! கேள்வியில் உள்ளதை உள்ளபடி படித்துச் செய்த மாணவருக்குப் பூஜ்யம், u(t)-ஐத் தானாகச் சேர்த்துக்கொண்டவருக்கு முழு மார்க்.

t u(t)-யும் இதே கதைதான். T³/3-ஐ 2T-ஆல் வகுத்தால் T²/6, அது வளர்ந்துகொண்டே போகும். இப்படி ஏறிப்போகும் சிக்னலில் ஏதோ சரியில்லை என்று மாணவரே சந்தேகப்படுவார். உண்மையில் ஏமாற்றுவது இறங்கிப்போகும் சிக்னல்.

x[n] = 1/√n, n ≥ 1. மற்ற இடங்களில் பூஜ்யம். தேய்கிறது, கடைசியில் பூஜ்யத்துக்கே போகிறது. குறுக்குவழிப்படி இது எனர்ஜி சிக்னல். வர்க்கத்தைக் கூட்டிப் பார்த்தால் 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற ஹார்மோனிக் தொடர் வருகிறது. அது எந்த எண்ணிலும் நிற்பதில்லை. ஆனால் நகர்வது நத்தை வேகத்தில். ஆயிரம் உறுப்பு வரை கூட்டினால் 7.49, பத்து லட்சம் வரை போனாலும் 14.39தான். லேபில் கணினியில் கூட்டிப் பார்க்கும் மாணவர் 14.39 என்று வந்ததும் "முடிவுள்ள எண்" என எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, திரையில் தெரிவது அப்படித்தான் இருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. N-ஐ இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஆயிரத்தில் 7.485, இரண்டாயிரத்தில் 8.178. கூடியது 0.693, அதாவது ln 2. மறுபடி இரட்டிப்பாக்கினால் மறுபடி அதே 0.693. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடுவது குறையாமல் இருந்தால் அந்தத் தொகை எங்கேயும் அடங்காது. 1/n-ஐ எடுத்தால் நிலைமை வேறு. வர்க்கங்களின் தொகை π²/6-ல், ஏறத்தாழ 1.645-ல், போய் அடங்கும். அது எனர்ஜி சிக்னல்.

1/√n-இன் பவர்? பத்து லட்சம் வரை 14.39, அதை 2N + 1-ஆல், அதாவது ஏறத்தாழ இருபது லட்சத்தால், வகுத்தால் 0.0000072. எல்லையில் பூஜ்யம். பவர் சிக்னல் என்று சொல்ல P பூஜ்யத்தைவிடப் பெரிதாக, முடிவுள்ளதாக இருக்க வேண்டும். ஆக எனர்ஜி முடிவிலி, பவர் பூஜ்யம், இரண்டு பெட்டியிலும் இடமில்லை. கன்டினியூயஸ்-டைம் சிக்னலில் t^(−1/2) u(t−1) இதன் உடன்பிறப்பு. அங்கே தொகை ln T. பொதுவாக t^(−p) u(t−1) என்று வைத்துக்கொண்டால், p பாதிக்கு மேல் இருந்தால் எனர்ஜி சிக்னல். பூஜ்யத்துக்கு மேல், பாதி வரை இருந்தால் இரண்டும் இல்லை. p = 0 என்றால் தாமதமான யூனிட் ஸ்டெப், பவர் 1/2. ஒரே ஒரு அடுக்கை மாற்றினால் மூன்று விடையும் வருகிறது. இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா?

அடுத்தது பீரியாடிக் பக்கம். A cos(ωt) என்றால் பவர் A²/2. இதை மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். cos(πn)-க்கும் 1/2 என்றே எழுதுவார்கள். அது −1, 1, −1, 1 என்று மாறிமாறி வரும் சிக்னல். வர்க்கம் எப்போதும் 1, ஆகவே பவர் 1. சூத்திரம் எங்கே இடறியது? cos² என்பது (1 + cos 2ωn)/2. வழக்கமாக அந்த இரண்டாம் உறுப்பு சராசரியில் மறைந்துபோகும். ω = π ஆகும்போது அது cos 2πn, முழுக்க 1; மறைய வழியில்லை. cos(πn/4)-க்கு 1/2 சரியாகவே வரும். cos(n)-ஐக் கேட்டால் இன்னும் நல்லது. அது பீரியாடிக்கே இல்லை, ஆனாலும் பவர் 1/2. மறுபக்கம் tan t பீரியாடிக்தான். அதன் வர்க்கத்தை ஒரு பீரியடுக்குத் தொகையிட்டாலே முடிவிலி, எனவே பவர் சிக்னல் இல்லை. (இதை முதல் இன்டர்னலில் போட வேண்டாம், பிள்ளைகள் பாவம்.)

என் கோரிக்கை பெரிதில்லை. கேள்வியில் "எனர்ஜியா, பவரா, இரண்டும் இல்லையா" என்று மூன்றையும் எழுதுங்கள். u(t) இருக்கிறதா, n எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பாருங்கள். இரண்டு மார்க்கில் ஒன்றை E அல்லது P-இன் எல்லையை எடுத்துக் காட்டியதற்குக் கொடுங்கள்.

இன்னொன்று. cos(πn)u[n]-ஐக் கேள்வியாகப் போட நினைத்தால் விட்டுவிடுங்கள். அதன் பவர் 1/2. மேலே சொன்ன A²/2 சூத்திரத்தைத் தவறாகப் போட்டவருக்கும் அதே 1/2 வந்துவிடும், யார் கணக்குப் போட்டார் என்று திருத்துபவருக்குத் தெரியாது. u[n] இல்லாமல் cos(πn) என்றே கேளுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பாடத்தை நடத்தும் ஓர் ஆசிரியர்