'தொழாஅர்' என்பதில் உள்ள 'அ' அச்சுப்பிழை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த யாப்புக் கட்டுரையில் இரண்டு இடங்கள் உறுத்தின. நேரசை என்றால் வடமொழியின் லகு என்ற குறுகிய அசை, நிரையசை என்றால் குரு என்ற நீண்ட அசை என்று போகிற போக்கில் எழுதியிருந்தது ஒன்று. இரண்டாம் குறளின் கடைசி அடி 'நற்றாள் தொழார் எனின்' என்று அச்சாகியிருந்தது இன்னொன்று. 'தொழாஅர்' என்று இருந்ததை யாரோ பிழை என்று நினைத்துத் 'திருத்தி'யிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அதே காரியத்தைச் செய்தவன்தான், அதனால் கோபமில்லை. ஆனால் இரண்டு தப்புக்கும் வேர் ஒன்று, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் லகு, குரு. கல், கா, கால் மூன்றும் வடமொழிக் கணக்கில் குரு. தமிழில் மூன்றும் நேர். இதிலேயே அந்தச் சமன்பாடு உடைந்துவிடுகிறது. சரி, மாத்திரையைக் கூட்டிப் பார்த்தாவது நேர், நிரையைப் பிரிக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. 'கார்' இரண்டரை மாத்திரை, நேரசை. 'பட' இரண்டே மாத்திரை, நிரையசை. இதைவிட நல்ல சோதனை 'பாட', 'படா' என்ற ஜோடி. இரண்டுக்கும் மூன்று மாத்திரைதான், ஒரு குறில், ஒரு நெடில், இடம் மட்டும் மாறியிருக்கிறது. 'பாட' என்பது பா/ட என்று இரண்டு நேரசை. 'படா' ஒரே நிரையசை.

அப்படியானால் எதைத்தான் பார்க்கிறோம்? ஒலி தொடங்குகிற இடத்தில் கனம் இருக்கிறதா என்பதை. நெடில் வந்தால் கனம் உண்டு, குறிலுக்குப் பின்னால் ஒற்று வந்து அடைத்தாலும் கனம் உண்டு, அவை தனியாக நின்றுவிடும், அதுதான் நேர். ஒற்று இல்லாத வெறுங்குறில் இலேசானது, தனியாக நிற்காமல் அடுத்து வருவதன் மேல் சாய்ந்துகொள்ளும். அடுத்து வருவது குறிலா நெடிலா, அதற்கு ஒற்று உண்டா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம், சாய்ந்தது சாய்ந்ததுதான், இரண்டும் சேர்ந்து ஒரு நிரை. சாய ஆள் இல்லாமல், அசைகள் சேர்ந்து ஆகும் சீரின் கடைசியில் மாட்டிக்கொண்ட குறிலை மட்டும் போனால் போகிறது என்று நேராக ஏற்றுக்கொள்கிறோம், 'ஆதி'யில் வரும் 'தி' மாதிரி.

இது புலவர்கள் உட்கார்ந்து போட்ட செயற்கையான கணக்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பேச்சிலேயே இது இருக்கிறது. பால் + எடு என்றால் 'பாலெடு' என்கிறோம், கல் + எடு என்றால் மட்டும் 'கல்லெடு' என்று ல்-ஐ இரட்டிக்கிறோம். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று நன்னூலில் படித்திருப்போம். ஏன் இரட்ட வேண்டும்? 'பாலெடு'வில் ல் நகர்ந்து எகரத்தோடு போனாலும் 'பா' நெடில், அது அசையாமல் நிற்கிறது. 'கல்'லிலிருந்து ல் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் 'க'. அது உடனே 'லெ' மேல் சாய்ந்து கலெ/டு என்று ஆகி, முதல் அசையே மாறிவிடும். இரட்டித்தால் கல்/லெடு, 'கல்' கல்லாகவே இருக்கும். 'கடல்' + 'எங்கே' என்கிற இடத்தில் இரட்டிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள், அங்கே ல் போனாலும் 'கட' நிரையாகவே நிற்கிறதே, இரட்டிக்க என்ன அவசியம்?

இப்போது என் பழைய குற்றம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்த புதிதில் 1200ஆம் குறள் கைக்கு வந்தது.

உறாஅர்க் குறுநோய் உரைப்பாய் கடலைச்
செறாஅஅய் வாழிய நெஞ்சு

நம்மிடம் அன்பில்லாதவரிடம் போய் உன் நோயைச் சொல்கிறாயே, அதற்குப் பதில் கடலைத் தூர்க்கப் பாரேன் நெஞ்சே, என்கிறாள். 'செறாஅஅய்' என்பதில் இரண்டு அ இருந்ததைப் பார்த்து, அச்சுக் கோத்தவர் கை தவறி ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று ஒன்றை அடித்துவிட்டேன். மூத்த மெய்ப்பாளர் ஒருவர் தாளை வாங்கி, பேசாமல் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே அடியைச் சொல்லிக் காட்டினார். 'வாழிய' வந்ததும் தட்டு இடறியது எனக்கே கேட்டது.

கணக்கு இதுதான். வெண்பாவில், நேரில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், நிரையில் முடியும் ஈரசை விளச்சீரோ நேரில் முடியும் மூவசைக் காய்ச்சீரோ வந்தால் நேரில் தொடங்க வேண்டும். 'வாழிய' நேரில் தொடங்குகிறது, வா/ழிய. அதற்கு முன்னால் ஒரே அ போட்டு 'செறாஅய்' என்றால் செறா/அய், நிரை நேர், அதாவது மாச்சீர். மாவுக்குப் பின் நேர் வந்து, சீரும் சீரும் இணையும் ஒழுங்கான தளை தட்டிவிடும். இன்னொரு அ சேர்ந்தால் முதல் அ வெறுங்குறில், அது 'அய்' மேல் சாய்ந்து 'அஅய்' என்று ஒரு நிரை ஆகிவிடுகிறது. செறா/அஅய், நிரை நிரை, விளச்சீர். இனி 'வாழிய' தாராளமாக வரலாம். நான் அடித்த அந்த ஒரு எழுத்து, ஒரு நேரை நிரையாக்குகிற எழுத்து.

நெடிலை இப்படி நீட்டி எழுதும் அளபெடையில் வருகிற அகரம் வெறும் இழுப்பைக் காட்டும் கோடு அல்ல என்பது இதில் தெரிகிறது. சாதாரணமாகத் தமிழ்ச்சொல்லுக்குள் இரண்டு உயிர்கள் ஒட்டி நிற்காது, நடுவில் ய் அல்லது வ் வந்துவிடும். அளபெடையில் மட்டும் ஆவும் அவும் அப்படியே அடுத்தடுத்து நின்று, பின்னது தனி ஒலியாக அசைக்கணக்கில் சேருகிறது.

உங்கள் இதழில் விழுந்த குறளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 'தொழார்' என்றால் தொ, ழார் மேல் சாய்ந்து மொத்தமும் ஒரே நிரை. வெண்பாவில் ஒற்றை அசை ஒரு சீராக நிற்க ஈற்றில் மட்டும்தான் அனுமதி, 'எனின்' நிற்கிற மாதிரி. நடுவில் நிற்க முடியாது. 'தொழாஅர்' என்றால் தொழா/அர், மாச்சீர், அடுத்த 'எனின்' நிரை, சரியாக உட்கார்ந்துவிடுகிறது. குறளின் நடுவில் ஓரசையோடு ஒரு சீரைக் கண்டால் ஏதோ எழுத்து உதிர்ந்திருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

எல்லா அளபெடையும் இப்படிக் குறை நிரப்ப வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கெடுப்பதூஉம் கெட்டார்க்கு' என்ற இடத்தில் 'கெடுப்பதும்' என்றே வைத்தாலும் விளச்சீர், அடுத்து நேர், தளை கெடாது. அது ஓசை இனிமைக்காக வந்தது, அதனால்தான் இலக்கணத்தில் அதற்கு இன்னிசை அளபெடை என்று வேறு பெயர்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது தயவுசெய்து 'தொழா அர்' என்று நடுவில் இடைவெளி விட்டுவிடாதீர்கள், அப்படி அச்சான புத்தகமும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மெய்ப்பாளர்,
கும்பகோணம்