கம்பிக்கு ஒரு பாட்டு, மூச்சுக்கு ஒரு சுருதி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு விடுதி கிடைத்தது நிம்மதி. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மழைதான் விடுவேனா என்கிறது.

ஜிம்முக்கு நீ சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளையே சத்தம் குறைத்துப் போட்டு யோகா செய்யலாமா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சத்தம் இதில் சின்ன விஷயம். பாட்டு எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பதே இரண்டிலும் வேறு.

டெட்லிஃப்டை எடுத்துக்கொள். கம்பி 20 கிலோ, பக்கத்துக்கு இரண்டு 20 கிலோ பிளேட், ஆக 100. மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிக் கம்பியைத் தூக்கும்போது எனக்குப் பாட்டு காதிலேயே விழாது. ஐந்து ரெப் முடிய அரை நிமிடம்கூட ஆகாது. பாட்டுக்கு வேலை அதற்கு முந்தைய மூன்று நிமிட ஓய்வில்தான். என் பாட்டில் தப்பும் தவிலும் சேர்ந்து இறங்கும் இடம் 80-ஆவது நொடி. செட் முடிந்ததும் பாட்டே இல்லாமல் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். 100 நொடி கழித்துத்தான் பாட்டைத் தட்டுவேன். அது ஓட ஓட பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கம்பிக்குப் போனால், கை கம்பியில் படும்போது தவில் இறங்கும்.

இந்தப் பாட்டைக் கடைசி கனமான செட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் 60 கிலோ வார்ம்-அப்புக்கும் அதையே போட்டேன். முறுக்கேறிப்போய்க் கம்பியை வெடுக்கென்று பிடுங்கினேன். 100 வரும்போது பாட்டும் பழகிச் சப்பென்றாகிவிட்டது. அதைவிட மோசம், தாளத்துக்கு ரெப் எண்ணுவது. அடுத்த அடிக்குள் தூக்கியாக வேண்டுமே என்று, கம்பி தரையில் பட்டு எகிறும் வேகத்திலேயே மேலே இழுத்தேன். இரண்டாவது ரெப்பிலேயே முதுகு வளைந்துவிட்டது. பயிற்சியாளர் வந்து இயர்போனைக் கழற்றினார். கம்பி தரையில் உட்கார வேண்டும், மூச்சைப் புதிதாக இழுக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. எந்தத் தாளமும் அதற்குக் காத்திருக்காது.

சரி, யோகாவுக்கு வருகிறேன். அங்கே ஓய்வு, செட் என்று பிரிவே கிடையாது. மணி நேரம் முழுக்க மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டு அதன் மேலேயே ஏறி உட்காரும். நான் போட்டது மெதுவான புல்லாங்குழல்தான், பின்னால் மெல்லிய தபேலா, நிமிடத்துக்கு 80 அடி. நாலு அடி ஒரு சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 3 நொடி. எங்கள் டீச்சர் சொல்வது 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. நானோ என்னையறியாமல் ஒரு சுற்றுக்கு இழுத்து, அடுத்த சுற்றில் விட்டுக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 6 மூச்சு வர வேண்டிய இடத்தில் 10. "ஏன் அவசரப்படறீங்க?" என்று அவர் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கடிகாரத்தை வைத்து எண்ணியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 2006-இல் 24 பேருக்குப் பலவகை இசையைப் போட்டு அளந்து பார்த்தது. இசை எந்த வகை என்பதைவிட அதன் வேகமே முக்கியமாக இருந்தது. வேகம் கூடினால் மூச்சும் இதயத் துடிப்பும் கூடின. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: நடுவில் இரண்டு நிமிடம் நிறுத்தியபோது, இசை தொடங்கும் முன் இருந்ததைவிடவும் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தன.

அதனால் இப்போது வெறும் தம்பூரா சுருதிதான். அதுவும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒலிப்பது போலச் சன்னமாக. கூட்டினால் தந்தி மீட்டும் வரிசையையே மனசு தாளமாகப் பிடித்துக்கொள்கிறது. வார்த்தை உள்ள பாட்டு வேண்டவே வேண்டாம், உதடு தானாக அசையும். சவாசனம் வந்ததும் அதையும் நிறுத்திவிடுகிறேன். இலவச ஆப்பில் சுருதி போடுவதென்றால், நடுவில் விளம்பரம் வராதபடி அந்த ஒலியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள். போன வாரம் சவாசனத்தின் நடுவில் ஒரு பெண் குரல் வீட்டுக்கடன் வேண்டுமா என்று கேட்டது. பாதி வகுப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

பெஞ்ச் பிரஸ் செய்யும்போது மட்டும் ஒரு காதை மூடாதே, பின்னால் நிற்பவர் "விடாதே, பிடிச்சிருக்கேன்" என்பது கேட்க வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? உன் 100 கிலோ பாட்டு எது என்று எழுது. பழைய கேசட் பெட்டியில் இருந்தால் தேடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்