மண்டபத்தில் தேனீயான பிள்ளைகளுக்காக ஒரு நன்றி மடல்

வண்டிப்பெரியார் பக்கத்து எங்கள் சின்ன நூலகத்தின் சார்பில் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, மகரந்தம் சேர்ந்து பூ எப்படிக் காய்க்கிறது என்று காட்டும் ஆட்டத்தில் பதினைந்து பிள்ளைகள் தேனீயாகப் பறந்தார்கள். அதற்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் தையல்கடை அக்காவுக்கு. காகித மகரந்தத்தைப் பசை தடவி ஒட்டிப் பார்த்தோம். பூவுக்குப் போவதற்குள் கிழிந்தது. அக்காதான் பழைய ஸ்வெட்டர் கைகளை வெட்டி, எல்லாருக்கும் கையுறை போல மாட்டிவிட்டார். பொட்டளவு காகிதத்தின் பின்னால் வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தைத் தைத்தார். அது கம்பளியில் லேசாகப் பற்றும். பூவின் சூல்முடியில் வைத்த மெத்துப் பக்கத்தில் உரசினால் அங்கேயே மாறிக்கொள்ளும். தேனீயின் ரோமத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

கடலை மிட்டாய் கொடுத்த கடைக்கார அண்ணனுக்கு அடுத்து. முதல் சுற்றில் "மகரந்தத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று நான் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தபால்காரர் மாதிரி ஒழுங்காகக் கொடுத்தார்கள், காய்க்கக்கூடிய எல்லாப் பூவும் காய்த்தது. அது தவறு. தேனீ பெரும்பாலும் தேனுக்காகத்தான் வருகிறது. மகரந்தம் தானாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் அடுத்த சுற்றில் பூவாக வைத்த ஒவ்வொரு பெயிண்ட் வாளியின் அடியிலும் மிட்டாயைப் போட்டோம். வாய்ப்பக்கத்தில் மகரந்தத்தை நிறுத்தினோம். கையை விட்டு எடுக்கும்போது அதுவாக ஒட்டியது.

ஆறு ஏலப்பூ, ஆறு பூசணிப்பூ. பூசணியில் மூன்று ஆண், மூன்று பெண். ஏலத்துக்கு வெள்ளைப் பொட்டு, பூசணிக்கு மஞ்சள். விசில் அடித்தால் சாயங்காலம், ஆட்டம் முடிந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு பெண் பூசணியில் வெள்ளைப் பொட்டு மட்டுமே. "டீச்சர், மகரந்தம் வந்திருக்கே, ஏன் காய்க்காது?" என்று ஒரு குட்டி விடாமல் கேட்டாள். அது வேறு வகைச் செடியின் மகரந்தம், அதனால் பிஞ்சு வெம்பி உதிரும் என்று சொன்னதும், கடைசிச் சுற்றில் அவள் ஒரே வகைப் பூவாகவே தேடிப் போனாள். நிஜத் தேனீயும் ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் சுற்றும்.

கடைசிச் சுற்றில் ஐந்து பேரை மட்டும் விட்டோம். தேனீ போதாமல் ஏலப்பூ நான்கு உதிர்ந்தது. அப்போது எங்களோடு உட்கார்ந்திருந்த ஏலத்தோட்டத்துத் தாத்தா எழுந்தார். "ஏலப்பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. காலையில விரியும், அன்னிக்கே ஈ வரலேன்னா கொட்டிடும். மருந்தடிக்கிறதா இருந்தா மத்தியானத்துக்கு மேல அடிக்கணும்" என்றார். தாத்தா, நீங்கள் பேசியபோது ஒரு பிள்ளையும் அசையவில்லை.

மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு "தேனீச்ச" என்று விடாமல் மொழிபெயர்த்த சேச்சிக்கும், பெயிண்ட் வாளிகளைக் கழுவிக் கொடுத்த அண்ணன்மார்களுக்கும் நன்றி. கம்பளிக் கைகள் நூலகத்து டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வேறு ஊரில் ஆட்டம் வைப்பவர்கள் வாங்கிப் போகலாம், பொட்டுகளை எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.